ஒரே வீட்டுக்கு இரண்டு பாலிசி: இழப்பீட்டை யார், எவ்வளவு தருவார்கள்?

ஒரு வீட்டுக்கோ வாகனத்துக்கோ, ஒரே ஆபத்துக்கு, ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்களிடம் காப்பீடு இருந்தால் அது இரட்டைக் காப்பீடு. அப்படி எடுப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. இரண்டு பாலிசிகளும் செல்லும். ஆனால் இழப்பீடு மட்டும் இரண்டு மடங்காக வராது. 6 லட்சம் ரூபாய் சேதமானால், எத்தனை பாலிசிகள் இருந்தாலும் எல்லாவற்றிலிருந்தும் சேர்ந்து கிடைப்பது அதிகபட்சம் 6 லட்சம்தான். அந்தத் தொகையை நிறுவனங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆயுள் காப்பீட்டில் நிலைமை வேறு. ஒருவர் ஐந்து பாலிசிகள் வைத்திருந்து இறந்தால் ஐந்திலும் முழுத் தொகை கிடைக்கும், ஏனென்றால் உயிருக்கு விலை குறிக்க முடியாது. வீட்டுக்கும் காருக்கும் விலை உண்டு. சேதத்தைக் கணக்கிட முடியும். காப்பீடு எடுத்தவரைச் சேதத்துக்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவதோடு நிறுவனத்தின் கடமை முடிகிறது. அதற்கு மேல் கொடுத்தால் வீடு எரிவது லாபகரமான தொழிலாகிவிடும் என்பதால்தான் சட்டம் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது.

பெரும்பாலானோர் இரட்டைக் காப்பீட்டைத் தெரிந்து எடுப்பதில்லை. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி, அடமானமாக இருக்கும் வீட்டுக்குத் தானே தீக்காப்பீடு எடுத்து, பிரீமியத்தைக் கடன் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அது தெரியாத வீட்டுக்காரர் வெள்ளத்துக்கும் புயலுக்கும் பயந்து தனியாக ஒரு பாலிசி வாங்குகிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் காப்பீடு எடுத்திருக்க, ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் சேர்த்துத் தனியாக எடுத்தாலும் இதே நிலைதான். சங்கத்தின் பாலிசி கட்டடத்துக்கு மட்டும் என்றால், தனியாக எடுப்பவர் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுத்தாலே போதும்.

இரண்டு பாலிசிகள் இருந்துவிட்டாலே பங்கீடு வந்துவிடாது. இரண்டும் ஒரே சொத்தையும் ஒரே ஆபத்தையும் காக்க வேண்டும், சேதம் நடந்த நாளில் இரண்டும் அமலில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே உரிமையைக் காக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் குழப்பம் அதிகம். வீட்டுச் சொந்தக்காரர் கட்டடத்துக்கும் வாடகைக்காரர் தன் பொருள்களுக்கும் எடுத்தால் அவை இரண்டு தனிப் பாலிசிகள். ஒன்றுக்கு மற்றொன்றோடு தொடர்பில்லை. இந்த வேறுபாட்டை நிலைநாட்டியது லண்டனில் ஒரு தானியக் கிடங்கு எரிந்ததைப் பற்றிய 1877ஆம் ஆண்டின் வழக்கு. கிடங்கை நடத்தியவர், தன் பொறுப்பில் இருந்த தானியத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தார். தானியத்தின் சொந்தக்காரரான வணிகரும் எடுத்திருந்தார். எரிந்தது ஒரே தானியம்தான். ஆனால் ஒருவர் காத்தது பொறுப்பை, மற்றவர் காத்தது உடைமையை. ஆகவே பங்கீடு கிடையாது, பொறுப்பேற்றிருந்த கிடங்குக்காரரின் காப்பீட்டு நிறுவனமே முழுச் சுமையையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது. வங்கியின் பாலிசியில் வீட்டுக்காரரின் பெயரும் இருந்து, வங்கிக்குரிய பிரிவு அதில் சேர்க்கப்பட்டிருந்தால் அது வீட்டுக்காரரின் உரிமையையும் காக்கிறது. அப்போது அவர் தனியாக எடுத்த பாலிசியோடு அது மோதும்.

பங்கு பிரிக்கும் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு வங்கி மூலம் எடுத்த முதல் பாலிசியில் காப்பீட்டுத் தொகை 30 லட்சம். வீட்டுக்காரர் தனியாக வேறொரு நிறுவனத்தில் எடுத்த இரண்டாவது பாலிசியில் 15 லட்சம். சமையலறையில் எரிவாயு சிலிண்டர் வெடித்து, கட்டடத்துக்கு 6 லட்சம் ரூபாய் சேதம் என்று சர்வேயர் மதிப்பிடுகிறார்.

பழைய, எளிய வழி காப்பீட்டுத் தொகையின் விகிதத்தில் பிரிப்பது. 30-க்கு 15 என்றால் இரண்டுக்கு ஒன்று. முதல் நிறுவனம் 4 லட்சமும் இரண்டாவது 2 லட்சமும் தர வேண்டும். அதிகத் தொகைக்குப் பிரீமியம் வாங்கியவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது இதன் நியாயம்.

மற்றொரு வழி, ஒவ்வொரு நிறுவனமும் தனியாக இருந்திருந்தால் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று முதலில் கேட்கிறது. முதல் நிறுவனம் மட்டும் இருந்திருந்தால் 6 லட்சமும் கொடுத்திருக்கும். இரண்டாவதும் அப்படியே, ஏனென்றால் 6 லட்சம் அதன் 15 லட்ச வரம்புக்குள்தான் இருக்கிறது. இருவரின் தனிப் பொறுப்பும் சமம் என்பதால் ஆளுக்கு 3 லட்சம். சேதம் பெரிதானால் விகிதம் மாறும். 20 லட்சம் சேதம் என்று வைத்துக்கொண்டால், முதல் நிறுவனத்தின் தனிப் பொறுப்பு 20 லட்சம், இரண்டாவதன் பொறுப்பு அதன் வரம்பான 15 லட்சம். ஆகவே 20 லட்சத்தை இருபதுக்குப் பதினைந்து என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். முதல் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 11.43 லட்சம், இரண்டாவதற்கு 8.57 லட்சம் வரும்.

இரண்டில் எது சரி என்ற கேள்விக்கு 1977இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. ஒரே பொறுப்புக்கு இரண்டு பாலிசிகள் இருந்தன. ஒன்றின் வரம்பு 1 லட்சம் பவுண்டு, மற்றதன் வரம்பு 10 ஆயிரம் பவுண்டு. கொடுக்கப்பட்ட இழப்பீடோ சுமார் 4,400 பவுண்டுதான். வரம்பின் விகிதத்தில் பிரித்தால் பெரிய நிறுவனத்தின் தலையில் பதினொன்றில் பத்துப் பங்கு விழும். இவ்வளவு சிறிய தொகைக்கு இரண்டு நிறுவனங்களும் ஒரே அளவு வாக்குறுதிதான் கொடுத்திருந்தன, அதனால் பாதிப் பாதி என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பொறுப்புக் காப்பீடுகளைப் பற்றிய தீர்ப்பு அது என்றாலும், தனிப் பொறுப்பின் அடிப்படையில் கணக்கிடும் முறைக்கு வலுவான ஆதாரம் அதுதான்.

இந்தியாவில் வெகுகாலம் புழக்கத்தில் இருந்த தீக்காப்பீட்டுப் பாலிசியில் இந்தச் சண்டைக்கு இடமில்லாமல் போவதும் உண்டு. அதற்குக் காரணம் குறைக்காப்பீட்டு நிபந்தனை. வீட்டின் மதிப்பைவிடக் குறைவான தொகைக்குக் காப்பீடு எடுத்தால், அந்தக் குறைவின் விகிதத்தில் இழப்பீட்டையும் அது குறைத்துவிடும். மேலே சொன்ன வீட்டைத் திரும்பக் கட்ட உண்மையில் 40 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். 30 லட்சப் பாலிசி, மதிப்பில் முக்கால் பங்கைத்தான் காக்கிறது. ஆகவே 6 லட்சம் சேதத்தில் அதன் தனிப் பொறுப்பு 4.5 லட்சம். 15 லட்சப் பாலிசி எட்டில் மூன்று பங்கைக் காக்கிறது. அதன் தனிப் பொறுப்பு 2.25 லட்சம். இரண்டும் சேர்ந்தால் 6.75 லட்சம், சேதத்தைவிட அதிகம். எனவே 6 லட்சத்தை 4.5-க்கு 2.25 என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். கிடைப்பது பழையபடி 4 லட்சமும் 2 லட்சமும். இரண்டு பாலிசிகளிலும் இந்த நிபந்தனை இருந்தால், எந்த வழியில் போனாலும் ஒரே விடைக்கு வந்து சேரலாம்.

இந்தக் கணக்கில் வேறொன்றும் தெரிகிறது. வங்கியின் பாலிசி மட்டும் இருந்திருந்தால் வீட்டுக்காரருக்கு 4.5 லட்சம்தான் கிடைத்திருக்கும், மீதி ஒன்றரை லட்சம் கைக்காசு. இரண்டாவது பாலிசி அந்தக் குறையை நிரப்பியது. குறைவாகக் காப்பீடு செய்திருப்பவருக்கு இரண்டாவது பாலிசி வீண் அல்ல என்பது உண்மைதான். ஆனால் முதல் பாலிசியின் தொகையை 40 லட்சமாக உயர்த்தியிருந்தாலே அதே பலன் கிடைத்திருக்கும், இரண்டு அலுவலகங்களுக்கு அலைய வேண்டியதும் இருந்திருக்காது.

அந்த அலைச்சல்தான் இரட்டைக் காப்பீட்டில் சாதாரண வீட்டுக்காரருக்கு நேரும் உண்மையான துன்பம். நிறுவனங்கள் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் அவருக்குத் தேவை முழுத் தொகை. அதை ஒரே இடத்தில் வாங்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி.

பொதுச் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 1758இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு கடல் காப்பீட்டு வழக்கு ஒன்றில் சொன்ன கொள்கைப்படி, இரண்டு காப்பீடு வைத்திருப்பவர் முழு இழப்பையும் ஒருவரிடமே வாங்கிக்கொள்ளலாம். கொடுத்தவர் மற்றவரிடம் போய்த் தன் பங்குக்கு மேல் கொடுத்ததைக் கேட்டுப் பெற வேண்டும். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. ஆனால் நிறுவனங்கள் பாலிசியில் ஒரு வரியைச் சேர்த்து இதை மாற்றிவிட்டன. அதே சொத்துக்கு வேறு காப்பீடு இருந்தால், எங்கள் விகிதாசாரப் பங்குக்கு மேல் நாங்கள் தர மாட்டோம் என்பதே அந்த வரி. இந்தியாவில் வழக்கமான தீக்காப்பீட்டுப் பாலிசியிலும் தனியார் கார் பாலிசியிலும் அது உண்டு. அந்த வரி இருக்கும்போது முதல் நிறுவனம் 4 லட்சத்துக்குக் காசோலை கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். மீதி 2 லட்சத்துக்கு வீட்டுக்காரர்தான் இரண்டாவது நிறுவனத்தின் படியேற வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சேதம் நடந்ததும் வீட்டுக்காரர் முதல் நிறுவனத்துக்கு மட்டும் தகவல் சொல்கிறார். ஆறு மாதம் கழித்து, பங்கு மட்டும்தான் தருவோம் என்று அது சொன்ன பிறகே இரண்டாவது நிறுவனத்தைத் தேடிப் போகிறார். அதற்குள் சமையலறை பழுதுபார்க்கப்பட்டு, எரிந்த பொருள்கள் அகற்றப்பட்டிருக்கும். உடனே தெரிவிக்கவில்லை, சேதத்தைப் பார்க்க எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று இரண்டாவது நிறுவனம் மறுத்தால் அந்த 2 லட்சம் கைவிட்டுப் போகலாம். இரண்டு பாலிசிகள் இருப்பது தெரிந்தால், முதல் நாளே இரண்டு நிறுவனங்களுக்கும் எழுத்தில் தெரிவிப்பதும், ஒரே சர்வேயரின் அறிக்கையை இருவரும் ஏற்பார்களா என்று தொடக்கத்திலேயே கேட்பதும் நல்லது. இரண்டு சர்வேயர்கள் தனித்தனியே மதிப்பிட்டால் ஒருவர் 6 லட்சம் என்பதை மற்றவர் 5 லட்சம் என்பார். பிறகு எந்தத் தொகையைப் பிரிப்பது என்பதே வழக்காகும்.

வீட்டுக்காரர்களுக்கு இந்த நிலை 2021 ஏப்ரல் 1 முதல் மாறியது. அன்றிலிருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கத் தொடங்கின. அதில், வேறு பாலிசி இருந்தாலும் எதில் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை காப்பீடு எடுத்தவருக்குத் தரப்பட்டுள்ளது. அவர் தேர்ந்தெடுத்த நிறுவனம் தன் வரம்புக்குள் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மற்ற நிறுவனத்திடம் பங்கைத் தானே வசூலித்துக்கொள்ள வேண்டும். 1758இன் கொள்கை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவிட்டு வீட்டுக்காரரிடம் திரும்பி வந்திருக்கிறது. குறைக்காப்பீட்டு நிபந்தனையும் இந்தப் பாலிசியில் தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே ஒருவரிடம் இரண்டு பாலிசிகள் இருந்து, அவற்றில் ஒன்று பாரத் கிருஹ ரக்ஷாவாக இருந்தால், முதலில் அங்கே கேட்பதே சுருக்கமான வழி. இரண்டாவது பாலிசி இருப்பதை அப்போதும் மறைக்கக் கூடாது. கிளெய்ம் படிவத்தில் வேறு காப்பீடு உண்டா என்ற கேள்வி இருக்கும். இல்லை என்று எழுதி இரண்டு இடத்திலும் முழுத் தொகை வாங்க முயன்றால் அது மோசடி. பாலிசியின் பலன் முழுவதும் பறிபோகும்.

பங்குக்கு மேல் தர மாட்டோம் என்பதோடு நில்லாமல், வேறு காப்பீடு இருந்தால் எங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லும் பாலிசிகளும் உண்டு. இரண்டு பாலிசிகளுமே அப்படிச் சொன்னால் எப்படி? ஒன்று மற்றதைக் காட்டும், அது இதைக் காட்டும், நடுவில் காப்பீடு எடுத்தவர் வெறுங்கையோடு நிற்பார். 1932இல் இங்கிலாந்தில் ஒரு கார் வழக்கு இப்படித்தான் வந்தது. காரை ஓட்டியவருக்குச் சொந்தமாகவும் ஒரு பாலிசி இருந்தது, கார் சொந்தக்காரரின் பாலிசியும் அவரைக் காத்தது. இரண்டிலும் விலக்கு வரி இருந்தது. அந்த இரண்டு வரிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, ஆகவே இருவரும் பங்கிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு பாலிசியில் மட்டும் அந்த வரி இருந்தால் கதை வேறு. லெவி ஸ்ட்ராஸ் இந்தியா நிறுவனத்தின் வழக்கில், கிடங்கில் எரிந்த துணிச் சரக்குக்கு இங்கே ஒரு தீக்காப்பீடும், தாய் நிறுவனம் எடுத்த உலகளாவிய பாலிசியும் இருந்தன. கடல் காப்பீட்டில் அடங்கும் இழப்புக்குத் தீக்காப்பீடு பொறுப்பாகாது என்ற நிபந்தனை இங்குள்ள பாலிசியில் இருந்தது. அந்த நிபந்தனை செல்லும், தீக்காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது.

வாகனங்களில் இரட்டைக் காப்பீடு வேறு விதமாக நுழைகிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார் வாங்கும்போதே மூன்று ஆண்டுகளுக்கும், இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கப்படுகிறது. வாகனத்தின் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ஓராண்டு முடிந்ததும் பாலிசி முடிந்துவிட்டது என்று எண்ணி, வேறு நிறுவனத்தில் முழு பாலிசி வாங்குவோர் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது சொந்தச் சேதப் பகுதி மட்டும்தான், 2019 செப்டம்பர் முதல் அதைத் தனியாகவே வாங்கலாம். முழு பாலிசி வாங்கியதால் மூன்றாம் நபர் பகுதிக்கு இரண்டாவது முறை பணம் கட்டுகிறார்கள்.

அந்த நிலையில் வண்டி ஒருவர் மீது மோதி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தால் இரண்டு நிறுவனங்களையும் அதில் சேர்க்க முடியும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் பாலிசியில் வரம்பு கிடையாது. இருவரின் தனிப் பொறுப்பும் எப்போதும் சமமாக இருப்பதால் சரிபாதி என்பதே அங்கே இயல்பான பங்கீடு. இரண்டு பாலிசிகள் இருப்பதால் பாதிக்கப்பட்டவருக்குத் தொகை கூடாது.

கார் திருட்டுப் போனால் இரண்டு இடத்தில் முழுத் தொகை கேட்பது நடைமுறையிலேயே முடியாத காரியம். நிறுவனம் பணம் தருவதற்கு முன் காரின் எல்லாச் சாவிகளையும், பதிவுச் சான்றையும், உரிமை மாற்றத்துக்கான 28, 29, 30 எண் படிவங்களில் கையெழுத்தையும் கேட்கும். பின்னால் கார் கிடைத்தால் அது நிறுவனத்துக்குச் சேர வேண்டும் என்பதற்காக. ஒரே காரை இரண்டு பேருக்கு இப்படி எழுதிக்கொடுக்க முடியாது. ஒருவரிடம் முழுத் தொகை வாங்கி, பங்கீட்டை அவர்களுக்குள் விடுவது அல்லது இருவரின் ஒப்புதலோடு பங்கு பிரித்து வாங்குவது என்ற இரண்டு வழிகள்தான் மிஞ்சும்.

சேதம் நடப்பதற்கு முன்பே இரட்டிப்பு தெரியவந்தால் ஒன்றை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். எதை ரத்து செய்வது என்பதில் 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் தெளிவாக இருந்தது. பின்னால் தொடங்கிய பாலிசியைத்தான் ரத்து செய்ய வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு கிளைகளில் எடுத்தவை என்றால் ஒன்றின் பிரீமியம் முழுவதும் திரும்பும். வெவ்வேறு நிறுவனங்கள் என்றால் மீதி நாள்களுக்கு உரியது மட்டும். ஆண்டுப் பிரீமியம் வரி நீங்கலாக 14,600 ரூபாய் என்றால் நாளுக்கு 40 ரூபாய். ஏப்ரல் 1 அன்று தொடங்கிய பாலிசியை ஜூன் 30 முடிவில் ரத்து செய்தால் 91 நாள்களுக்கு 3,640 ரூபாய் பிடித்துக்கொண்டு 10,960 ரூபாய் தர வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி சாலையில் ஓடக் கூடாது என்பதால், மற்ற பாலிசியின் நகலைக் காட்டிய பிறகே ரத்து செய்வார்கள். முக்கியமான தடை ஒன்று உண்டு. இரண்டு பாலிசிகளும் சேர்ந்து ஓடிய காலத்தில் ஏதாவது ஒன்றில் கிளெய்ம் வந்திருந்தால் பணம் திரும்பாது. அந்தக் காலத்தில் இரண்டு நிறுவனங்களும் உண்மையாகவே ஆபத்தைச் சுமந்திருக்கின்றன, பங்கு கேட்கும் உரிமையும் பிறந்துவிட்டது.

வங்கி எடுத்த வீட்டுப் பாலிசியைப் பொறுத்தவரை, கடன் கணக்கின் அறிக்கையில் காப்பீட்டுப் பிரீமியம் என்ற பதிவு இருக்கிறதா என்று பார்த்தால் இரட்டிப்பு தெரிந்துவிடும். இருந்தால், வங்கியிடம் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: காப்பீட்டுத் தொகை கடன் பாக்கிக்கு மட்டுமா, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்கா; பொருள்களும் அதில் அடங்குமா; வீட்டுக்காரரின் பெயர் அதில் இருக்கிறதா. கடன் பாக்கி 12 லட்சம் என்பதால் 12 லட்சத்துக்கு மட்டும் எடுத்த பாலிசி 40 லட்ச வீட்டைக் காக்காது. அப்போது புதிதாக ஒன்று எடுப்பதைவிட, திரும்பக் கட்டும் முழுச் செலவுக்கும் ஒரே பாலிசி எடுத்து, அதில் வங்கியின் பெயரைச் சேர்த்து வங்கியிடம் கொடுத்து, பழையதை முடித்துவிடச் சொல்லி எழுதிக் கேட்கலாம்.